பதினோரு வாரத்து நடை

2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. செந்தமிழ்ச்செல்வியின் கணினியில் வந்து விழுந்த பதினோரு வீடியோக்களுக்கும் அந்த ஒரே தேதிதான். பதினோரு வாரம் எடுத்த வீடியோக்கள். ஒரே நாளில் வந்தவை. அந்தத் தேதியில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

செல்விக்கு வயது முப்பத்து மூன்று. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில், ஒரு பெயின்ட் கடைக்கு மாடியில், மகள் பெயரில் ‘தனுஷா டிஜிட்டல்ஸ்’ வைத்திருக்கிறார். கணவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று சுற்றுவார். எடுத்து வருவதை வெட்டி ஒட்டுவது செல்வி. கண்ணீர் அஞ்சலி பேனரும் அடித்துக் கொடுப்பார். 2024 ஜூனில் விஷச்சாராயச் சாவுகளின்போது கருணாபுரத்திலிருந்து வரிசையாக ஆட்கள் படியேறி வந்தபோது, இறந்தவர்களில் சிலரின் கல்யாண ஆல்பம் அவருடைய கணினியிலேயே இருந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த முகத்தை மாலையோடு வெட்டி எடுத்து, கீழே தோற்றம் மறைவு என்று தேதி போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு சில மாதம் கல்யாண வேலை செய்யக் கை ஓடவில்லை என்கிறார்.

அந்தச் சமயத்தில் பிடித்துக்கொண்டதுதான் முன்னேற்ற வீடியோ. ஊரில் எல்லோரும் அதை ‘பிஃபோர் ஆஃப்டர்’ என்பார்கள். ஜிம்மில் சேர்ந்த பையன் முதல் நாள் எப்படி இருந்தான், ஆறு மாதத்தில் எப்படி ஆனான். சிலம்ப வகுப்புச் சிறுமி தை மாதம் கம்பைக் கீழே போட்டவள், ஆடி மாதம் எப்படிச் சுற்றுகிறாள். போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பெண்கள், தட்டச்சு பழகுகிறவர்கள். ஒவ்வொருவரும் போனில் அவ்வப்போது எடுத்த துண்டுகளை அனுப்புவார்கள். செல்வி அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, முப்பது நொடி ரீலாக ஆக்குவார்.

கேட்டால் சுலபமாகத் தெரியும், செய்தால் அப்படி இல்லை. வளர்ச்சி கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் மற்றதெல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். ஒரே இடம், ஒரே கோணம், ஆள் திரையில் ஒரே அளவு. ஒரு துண்டில் கால் தரையைத் தொடும் நொடியில் வெட்டி, அடுத்த துண்டில் அதே கால் தரையைத் தொடும் நொடியில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் ஒரே ஆள் ஒரே நடையில் மாதங்களைத் தாண்டி வருவதுபோல் இருக்கும். மூலையில் தேதியோ வாரமோ போட வேண்டும். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள்.

அந்தப் பதினோரு வீடியோவில் இருந்தவர் சடையன். கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி மண் பாதையில் போக வேண்டிய ஒரு சிற்றூர். நாற்பத்தைந்து வயது. பிப்ரவரியில் கடுக்காய் பறிக்க ஏறியவர் கிளை முறிந்து விழுந்தார். முதுகெலும்பில் முறிவு. அறுவை வேண்டாம், பெல்ட் போட்டுப் படுத்திருந்தால் கூடிவிடும் என்றார்கள். கூடியதுபோல்தான் இருந்தது. மே மாதக் கடைசியில் கள்ளக்குறிச்சிக்கு வந்து, உறவுக்காரர் வீட்டில் தங்கி, தமிழரசன் என்பவர் நடத்தும் பிசியோதெரபி மையத்தில் பயிற்சி எடுத்தார். ஜூன் முடிவதற்குள் வாக்கரைப் பிடித்து நடந்தார். மலையில் மரவள்ளி நட்டிருந்தது. களையெடுக்க ஆள் வேண்டும், தான் குனிய முடியாவிட்டாலும் பக்கத்தில் நின்று பார்க்கவாவது வேண்டும் என்று ஊருக்குக் கிளம்பினார்.

தமிழரசன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் நடப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வருவதைவிட அதுவே நல்லது.

எடுத்தது சடையனின் மச்சான் செல்லமுத்து. வாசலில் இருந்த உரல் மேல் போனைக் கிடைமட்டமாகச் சாய்த்து வைப்பான். மாமன் சுவரோரத்திலிருந்து போனைப் பார்த்து நடந்து வருவார். ஒரு ஞாயிறும் தவறவில்லை. அனுப்பத்தான் முடியவில்லை. ஊரில் டவர் கிடையாது. கரியாலூர் வரை வந்தால் பேசலாம், சின்ன வீடியோ வந்துகூட இறங்கும், ஆனால் அங்கிருந்து அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். சரி, கீழே போகும்போது மொத்தமாக அனுப்பிவிடலாம் என்று வைத்திருந்தான். செப்டம்பர் 14 அன்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, கேலரியைத் திறந்து, மேலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, பதினொன்றையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான்.

போனின் கேலரியில் கடைசியாக எடுத்ததுதான் மேலே இருக்கும். அதனால் செப்டம்பர் வீடியோ முதலாவதாகப் போனது. ஜூன் வீடியோ கடைசியாகப் போனது. வாட்ஸ்அப், எடுத்த தேதியை எடுத்துவிட்டு, வந்த தேதியையும் வந்த வரிசை எண்ணையும் கோப்பின் பெயராக வைத்தது.

தமிழரசன் திறந்து பார்த்தபோது திரையின் அடியில் நின்றது கடைசியாக வந்த வீடியோ. அதுதான் புதியது என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அதில் சடையன் நிமிர்ந்து, வாக்கரை லேசாகத் தொட்டபடி நடந்து வந்தார். மேலே போய் முதல் வீடியோவைப் பார்த்தார். அதில் இடது கால் தரையில் இழுபட்டது. மலை ஏறிப் போன அலுப்பில் முதல் வாரம் கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறார், அப்புறம் தேறிவிட்டார். இப்படி முடிவுகட்டிவிட்டு, நடுவில் இருந்த ஒன்பதைத் திறக்காமலே எல்லாவற்றையும் செல்விக்கு அனுப்பினார். மையத்தின் இணையப் பக்கத்துக்கு ஒரு ரீல் வேண்டும், வாரம் வாரமாக எழுத்துப் போட வேண்டும், புதன்கிழமைக்குள் வேண்டும்.

செல்வி பெயர் வரிசையில் அடுக்கினார். கல்யாண வேலையில் அவர் இப்படிச் செய்யவே மாட்டார். சொந்தக்காரர்கள் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் கொண்டுவாருங்கள் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். அப்படி அனுப்பினால்தான் எடுத்த தேதி கூடவே வரும். ஆனால் இங்கே அடுக்கிப் பார்த்தால் முதலில் தள்ளாட்டம், கடைசியில் நல்ல நடை. முன்னேற்ற வீடியோ எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. சரியாக இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

ரீல் செங்குத்தானது. செல்லமுத்து எடுத்தது கிடைமட்டம். செல்வி சுவர்ப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே கால்கள் தெரியும்படி பெரிதாக்கி, மற்றதை வெட்டித் தள்ளினார். ஒவ்வொன்றிலும் மூன்று எட்டு நடை. செல்லமுத்துவின் கை குறுக்கே வந்து தாங்கிப்பிடிக்கும் இடங்களை எடுத்துவிட்டார். இடது பாதம் தரையைத் தொடும் நொடியில் வெட்டு. மேலே வெள்ளை எழுத்தில் முதல் வாரம், இரண்டாவது வாரம், பதினோராவது வாரம்.

ரீல் நன்றாக ஓடியது. மலையில் கரியாலூர் டீக்கடை வரை வந்துவிட்டது.

தமிழரசன் செல்லமுத்துவுக்கு ஒரு குரல் செய்தி போட்டார். மாமாவுக்கு ரொம்ப நல்ல முன்னேற்றம், இனிமேல் நடையை இரண்டு மடங்காக்குங்கள், காலையில் ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை, தீபாவளி கழித்து வந்து காட்டினால் போதும். அடுத்த தடவை கரியாலூர் வந்தபோது செல்லமுத்து அதைக் கேட்டான். ரீலையும் போனில் இறக்கிக்கொண்டு போனான்.

ஆயுத பூஜையன்று மையத்துக்கு மூன்றாம் ஆண்டு விழா. மேடையில் எல்இடி திரை வைக்கிறார்கள், அதே வீடியோ அகலமாக வேண்டும் என்றார் தமிழரசன். செப்டம்பர் 29, திங்கட்கிழமை மதியம் செல்வி பழைய வேலையைத் திறந்தார். பெரிதாக்கியதை எடுத்துவிட்டு முழுப் படத்தையும் திரைக்கு விரித்தார். வெட்டித் தள்ளியிருந்த வலது பக்கம் திரும்ப வந்தது. அங்கே வாசலை ஒட்டி மரவள்ளிக் காடு.

முதல் தடவை ஓடவிட்டபோது அவர் காலைத்தான் பார்த்தார். இரண்டாம் தடவை நிறத்தைச் சரிசெய்ய ஓரத்தைப் பார்த்தார்.

முதல் வாரத்தில் செடி ஆள் மார்பளவு நின்றது. நான்காவது வாரத்தில் இடுப்பளவு. எட்டாவது வாரத்தில் முழங்கால். பதினோராவது வாரத்தில் சாணளவுக் குச்சியும் நாலு இலையும். சடையன் தேறத் தேற, கிழங்குச் செடி குட்டையாகிக்கொண்டே வந்து மண்ணுக்குள் போனது.

செல்வியின் அப்பா வீடு களமருதூர். நெல்லும் கரும்பும்தான், மரவள்ளி இல்லை. ஆனாலும் செடி எந்தப் பக்கம் வளரும் என்று தெரிவதற்கு மரவள்ளி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதினோரு துண்டையும் தலைகீழாக மாற்றி அடுக்கினார். செடி வளர்ந்தது. சடையன் நிமிர்ந்து நடந்தார், பிறகு வாக்கரில் சாய்ந்தார், பிறகு இடது பாதத்தின் நுனி தரையைக் கீறியது, பிறகு இரண்டு முழங்காலும் மடங்கின, செல்லமுத்துவின் கை குறுக்கே வந்தது. வெட்டி எடுத்த கைகளையெல்லாம் திரும்பச் சேர்த்தார். கடைசி மூன்று வாரங்களில் கை இல்லாமல் மூன்று எட்டுக்கு மேல் நடை இல்லை.

செல்லமுத்துவின் எண்ணுக்குப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. நான்கு தடவை அதே குரல். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் மையத்துக்குப் போனார்.

தமிழரசன் ஒரு பாட்டிக்குத் தோளைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அகல வீடியோவா, மேசையில் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். செல்வி போகவில்லை. இப்போதே பார்க்க வேண்டும் என்றார். சத்தமில்லாமல் ஓடவிட்டார்.

பாதி ஓடும்போதே தமிழரசன் நிறுத்தச் சொன்னார். ரிவர்ஸ்ல ஓட்றீங்களா செல்வி என்று கேட்டார். அவர் கேட்டதில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

“இல்ல சார். நாமதான் ரிவர்ஸ்ல போட்டுட்டோம். செடியப் பாருங்க.”

அவர் செடியைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மறுபடி செடியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். தேதியைப் பார்க்காமல் எப்படி அடுக்கினீர்கள் என்று அவர் கேட்டார். பதினொன்றில் எத்தனையைத் திறந்து பார்த்தீர்கள் என்று இவர் கேட்டார். இரண்டு என்றார் தமிழரசன். பாட்டி தோளைத் தொங்கப்போட்டபடி இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடைந்த எலும்பு தாமதமாகச் சரிந்து நரம்பை நசுக்கலாம், வருவது அபூர்வம், வந்தால் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் போகும் என்று செல்வியையும் ஏற்றிக்கொண்டு மலைக்குக் காரில் போகும்போது தமிழரசன் சொன்னார். கால் மரத்துப்போகிறது என்று சடையன் ஜூலையிலேயே சொல்லியனுப்பியிருந்தார். நரம்பு முழித்துக்கொள்ளும்போது அப்படித்தான் இருக்கும் என்று தமிழரசன் பதில் சொல்லியிருந்தார். தேறி வருகிறவருக்கு அந்தப் பதில் சரி. நடையை இரட்டிப்பாக்கச் சொன்னதும் தேறி வருகிறவருக்குச் சரி.

கரியாலூரில் வழி கேட்டார்கள். டீக்கடைக்காரர் சிரித்தார். யாரு, ரீலு சடையனா என்று கேட்டு, மண் பாதையைக் காட்டினார். போன வாரம் அவரை ட்ராக்டரில் உட்காரவைத்துக் கொண்டுவந்து டீ வாங்கிக் கொடுத்தார்களாம். உன் காலு என் போனுக்கே வந்துடுச்சுடா, இனிமே கடுக்கா மரம் ஏறுவியா என்று கிண்டல் செய்தார்களாம்.

சடையன் வாசலில் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். சாயங்கால நடை. நின்றுகொண்டிருந்தார் என்பது முழு உண்மையில்லை. பின்னாலிருந்து செல்லமுத்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தான். மனைவி சின்னப்பொண்ணு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பாதத்தையும் கையால் எடுத்து முன்னே வைத்தார். அப்படி வாசலின் இந்த முனையிலிருந்து அந்த முனை. சொன்ன கணக்குப்படி இரண்டு மடங்கு.

தமிழரசன் ஓடிப்போய் நிறுத்தினார். கட்டிலில் படுக்கவைத்துக் காலைத் தட்டினார், ஊசி முனையால் தொட்டார், தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார். தொடைக்கு மேலே வந்தபிறகுதான் சடையன் தெரிகிறது என்றார். ஒண்ணுக்குப் போனீர்களா என்று கேட்டார். நேற்று காலையிலிருந்து போகவில்லை, வயிறு உப்பிக்கொண்டு வருகிறது, ஆனால் வலிக்கவில்லை என்றார் சின்னப்பொண்ணு.

இவ்வளவு மோசமானதை ஏன் சொல்லியனுப்பவில்லை என்று செல்வி கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறார்.

சடையன் செல்லமுத்துவின் போனைக் காட்டினார். “வீடியோல நல்லாத்தானம்மா நடக்கறேன்? எல்லாரும் பாத்தாங்க. டாக்டரும் நல்லாருக்குதுன்னாரு. அப்ப காலுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

செல்வி வாரங்கள் தலைகீழாகிவிட்டதைச் சொன்னார். தன் கையால்தான் அந்த எழுத்தைப் போட்டதாகவும் சொன்னார். யாரும் திட்டவில்லை. சின்னப்பொண்ணுதான் தம்பி பக்கம் திரும்பினார்.

“நான் அன்னிக்கே இன்னா சொன்னேன்? கடைசி வாரம்னு காட்றதுல நீல லுங்கி கட்டிக்கினு இருக்காரு. அது ஆடி மாசமே கிழிஞ்சிடுச்சு, வூடு தொடைக்கப் போட்டுட்டேன்னு சொன்னேனா இல்லியா?”

செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான். “எடிட்டிங்ல துணியெல்லாம் மாத்துவாங்கன்னு நெனச்சேங்க்கா.”

செல்விக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். கல்யாண வீடியோவில் புடவை நிறம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவரும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

பின் சீட்டில் சடையனைப் படுக்கவைத்து, சின்னப்பொண்ணு மடியில் தலையைத் தாங்கி, இருட்டுவதற்குள் மலை இறங்கினார்கள். அன்றே கள்ளக்குறிச்சியில் டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். ஸ்கேனில் எலும்பு ஆப்புபோலச் சரிந்து தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டர், எப்போதிலிருந்து இப்படி, எந்த வாரத்தில் எவ்வளவு போனது என்று கேட்டார். சின்னப்பொண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை. செல்லமுத்துவுக்கு அழுகை வந்தது.

கூடப் போயிருந்த செல்வி அவனிடமிருந்து போனை வாங்கி, கேபிள் போட்டு அசல் கோப்புகளை எடுத்தார். அதில் ஒவ்வொன்றின் பெயரிலும் எடுத்த தேதி இருந்தது. ஜூன் 29 முதல் செப்டம்பர் 7 வரை. வெட்டாமல், பெரிதாக்காமல், பாட்டுப் போடாமல், அசல் தேதியை மூலையில் போட்டு வரிசையாக ஒட்டிக் கொடுத்தார். அவர் செய்த முன்னேற்ற வீடியோக்களிலேயே எல்லாம் சரியாகப் பொருந்தியது அதுதான். ஒரே உரல், ஒரே சுவர், ஒரே கோணம், ஆள் ஒரே அளவு. டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். ஆகஸ்ட் 3 வீடியோவில் நிறுத்தி, இங்கே கொண்டுவந்திருந்தால் நடந்திருப்பார் என்று பக்கத்திலிருந்த இளைய டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். செல்விக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். செப்டம்பர் 14-ல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

அறுவை முடிந்தது. அழுத்தம் எடுத்தாயிற்று, எலும்புக்குக் கம்பி வைத்தாயிற்று, கால் திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்கள். சிறுநீர் டியூப் இருக்கிறது. வலது கட்டைவிரல் ஒரு நாள் அசைந்ததாகச் சின்னப்பொண்ணு சொல்கிறார். நர்ஸ் பார்க்கும்போது அசையவில்லை.

தமிழரசன் ஆண்டு விழாவை நடத்தவில்லை. ரீலை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் வேறு பக்கங்கள் எடுத்துப் போட்டிருந்தன. தன்னம்பிக்கை என்று தலைப்பு வைத்து, வேறு பாட்டுச் சேர்த்து, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. செல்வி பார்க்கும்போதெல்லாம் புகார் கொடுக்கிறார். ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. ஒரு ஜிம்காரர் அதைக் காட்டி, இதே மாதிரி எனக்கும் ஒன்று பண்ணிக் கொடுங்கள் அக்கா என்று கடைக்கே வந்தார்.

பண்ணிக் கொடுத்தார். அதுதான் தொழில். வாட்ஸ்அப்பில் வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, போனை நேரில் கொண்டுவரச் சொன்னார். அடுக்கியபிறகு ஒரு தடவை ஆளைப் பார்க்காமல் ஓடவிட்டார். சுவர் காலண்டர், ஜன்னலுக்கு வெளியே மரம், மற்றவர்களின் தலைமுடி. எல்லாம் முன்னோக்கித்தான் போயின.

சடையனைத் தை மாதத்தில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிழங்கு மாசியில் பிடுங்க வேண்டும். செல்லமுத்து இரண்டு ஆளுக்குச் சொல்லி வைத்துவிட்டான்.